எடுத்த கால் எந்தக் கால்?

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு சிறுவர் இதழில், நடராஜர் கோலத்தில் நிற்கும் பரதநாட்டியப் பெண்ணின் ஓவியம் ஒன்றை அச்சிட்டோம். ஓவியர் நன்றாகத்தான் வரைந்திருந்தார். பக்கம் அமைத்தபோது, நடனமணி கட்டுரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பதுபோல் தெரிகிறது என்று யாரோ படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டார்கள். கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், வேலை முடிந்துவிடும். இதழ் கடைக்குப் போன மூன்றாம் நாள் ஒரு நாட்டிய ஆசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார். வயதான குரல். கோபமே இல்லை.

"உங்க படத்துல சாமி சிதம்பரத்தை விட்டு மதுரைக்குப் போயிட்டாரேம்மா, கவனிக்கலையா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவரே பொறுமையாகச் சொன்னார். சிதம்பரத்தில் நடராஜர் வலக்காலை முயலகன் மேல் ஊன்றி இடக்காலைத் தூக்கி ஆடுகிறார். நாம் பார்க்கும் செப்புத் திருமேனிகளில் மிகப் பெரும்பாலானவை அப்படித்தான். மதுரை மீனாட்சி கோயில் வெள்ளியம்பலத்தில் கால் மாறியிருக்கும். அங்கே ஊன்றியது இடக்கால், தூக்கியது வலக்கால். ராஜசேகர பாண்டியன் தானே நடனம் பயின்று, ஒரே காலில் நிற்பதன் வலியை உணர்ந்து, காலை மாற்றி ஆடியருள வேண்டும் என்று கேட்டதாகத் திருவிளையாடல் புராணம் சொல்லும் கதை பலருக்கும் தெரியும். எங்கள் கட்டுரையோ சிதம்பரத்தைப் பற்றியது.

ஒரு மேடைப் புகைப்படத்தைப் பார்த்து ஓவியருக்குக் குறிப்பு எழுதும் வேலையை அதன் பிறகுதான் நான் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். பாடநூல், சிறுவர் கதை, விழா மலர் எதுவானாலும் பரதநாட்டிய ஓவியம் வேண்டுமென்றால் முதலில் ஒரு புகைப்படம் வரும். புகைப்படத்தை மட்டும் ஓவியர் கையில் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மேடை வெளிச்சத்தில் பாதி உடல் நிழலில் இருக்கும். ஒரு கை இன்னொரு கையை மறைக்கும். பட்டின் மடிப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நடனம் பார்த்தே பழகாத ஓவியர், தெரியாத இடங்களைத் தனக்குத் தெரிந்த உருவத்தால் நிரப்புவார். தப்பு நுழைவது அந்த இடத்தில்தான்.

என் மேசையில் இப்போது இருக்கும் ஒரு படத்தையே எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் ஒரு சபா மேடை. இருபது வயது மதிக்கத்தக்க பெண், நடராஜர் கோலம். முன்வரிசையில் உட்கார்ந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். பின்னால் கறுப்புத் திரை, ஓரத்தில் குத்துவிளக்கு.

முதல் வேலை, படம் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பது. பல கைகள் மாறி வரும் படத்தில் இதை நம்பிவிட முடியாது. திரையில் எழுத்து இருந்தால் கவலையில்லை, எழுத்து நேராக இருந்தால் படமும் நேர். எழுத்து இல்லாத இடத்தில் தலையைப் பார்ப்பேன். நெற்றிச்சுட்டிக்கு இருபுறமும் உச்சியில் சூரியன், சந்திரன் என்று இரண்டு நகை வைப்பார்கள். சூரியன் வட்டம், நடனமணியின் வலப்பக்கம். சந்திரன் பிறை, இடப்பக்கம். அடுத்து மேலாக்கு. புடவை முந்தானையைப் போலவே அதுவும் இடத்தோளில்தான் ஏறும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் படம் நேரானது என்று எழுதிவைத்துவிட்டு மேலே போகலாம். இந்தப் படத்தில் இரண்டும் சரியாக இருந்தன.

குறிப்பில் 'இடது', 'வலது' என்று எழுதும் முன் யாருடைய இடது என்று சொல்லிவிட வேண்டும். நான் எப்போதும் நடனமணியின் இடது வலதையே எழுதுவேன். 'படத்தில் நமக்கு இடப்பக்கம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பார்ப்பவருக்கு இடப்பக்கம்' என்று முழுதாக எழுதுவேன். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் நடராஜர் கோலத்தில் தூக்கிய இடக்கால், வீசிய இடக்கை இரண்டுமே உடலைக் கடந்து நடனமணியின் வலப்பக்கம் போகின்றன. அது பார்ப்பவருக்கு இடப்பக்கம். குறிப்பு எழுதுபவர் ஓரிடத்தில் தடுமாறினால் ஓவியருக்கு எதுவுமே நிற்காது.

பிறகு தரையிலிருந்து மேலே போக வேண்டும். பலர் முகத்தில் தொடங்குவார்கள். முகம் கவரும், உண்மைதான். ஆனால் பரதநாட்டியத்தில் உடல் எப்படி நிற்கிறது என்பதை முடிவு செய்வது பாதமும் முழங்காலும். இந்த ஆட்டத்தின் அடிப்படை நிலை அரைமண்டி. குதிகால்கள் இரண்டும் அருகருகே இருக்கும், பாதங்கள் இருபுறமும் திரும்பியிருக்கும், முழங்கால்கள் பக்கவாட்டில் மடங்கி விரிந்திருக்கும், முதுகு நிமிர்ந்திருக்கும். இடுப்பிலிருந்து குதிகால் வரை பார்த்தால் ஒரு வைரக்கட்டம் தெரியும். உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. குழந்தைகளுக்கு நாட்டிய வகுப்பில் ஆசிரியர் ஓயாமல் சொல்லும் சொல் 'உட்காரு, உட்காரு' என்பதுதான். அது இந்த அரைமண்டியைத்தான்.

நடராஜர் கோலம் என்பது அரைமண்டியில் ஒரு காலை எடுத்துவிட்டதுபோல. ஊன்றிய வலக்கால் நீண்டு நிற்பதில்லை. முழங்கால் மடங்கி, வலப்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. பாதமும் அதே பக்கம் திரும்பியிருக்கிறது. ஓவியத்தில் முதலில் கெடுவது இந்த மடிப்பு. ஒரு காலில் நிற்கும் பெண் என்றதும் ஓவியரின் கை தானாகவே ஊன்றிய காலை நேராக்கிவிடும், தூக்கிய காலின் விரல்களை ஊசிபோல் கூர்மையாக்கிவிடும். பார்த்தவுடன் அது பாலே நடனமாகிவிடுகிறது. உடை பரதநாட்டியம், உடல் வேறெங்கோ. எனவே குறிப்பில் 'ஊன்றிய கால் மடங்கியிருக்கிறது' என்று எழுதுவதோடு நிறுத்தாமல், தொடையும் கணுக்காலும் எந்தச் சாய்வில் இருக்கின்றன என்று எழுத வேண்டும்.

தூக்கிய இடக்கால் எவ்வளவு உயரம்? இந்தப் படத்தில் முழங்கால் இடுப்பின் உயரத்துக்கு வந்திருக்கிறது. அங்கிருந்து கெண்டைக்கால் குறுக்கே, உடலைக் கடந்து வலப்பக்கம் போகிறது. பாதம் ஊன்றிய முழங்காலுக்கு அப்பால், அதைவிடச் சற்று மேலே முடிகிறது. விரல்கள் தளர்ந்திருக்கின்றன. உள்ளங்கால் தரைப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

இங்கே ஒரு சோதனை செய்து பார்ப்பேன். படத்தின் மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து, தொண்டைக்குழியிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இழுப்பேன். கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல. சுவாமிமலையில் செப்புத் திருமேனி செய்யும் ஸ்தபதிகளும் உருவத்துக்கு இப்படித்தான் நடுச்சூத்திரம் பிடிப்பார்கள். ஒரு காலில் அசையாமல் நிற்கும் உடலின் கனம் அந்த ஒரு பாதத்தின் மேல் இறங்கியாக வேண்டும். கோடு ஊன்றிய பாதத்தின் மேலோ அதை ஒட்டியோ விழுந்தால் நடனமணி நிலைக்கு வந்துவிட்டார் என்று பொருள். மிகவும் விலகி விழுந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். கேமரா சாய்ந்திருக்கலாம், அதைக் குத்துவிளக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். விளக்கு நேராக இருந்தும் கோடு விலகினால், அந்தக் கணத்தில் அவர் நிலைக்கு வந்துகொண்டிருக்கிறார் அல்லது நிலையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார். சடையின் நுனியில் தொங்கும் குஞ்சலம் ஒரு பக்கம் பறந்துகொண்டிருந்தால் அது உறுதி. அப்படிப்பட்ட படம் அசைவைக் காட்டும் ஓவியத்துக்கு உதவும், 'இதுதான் நடராஜர் கோலம்' என்று குழந்தைக்குக் காட்டும் ஓவியத்துக்கு உதவாது. படம் எடுத்தவரிடம் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கேட்பேன். பெரும்பாலும் இருக்கும்.

இனி கை. குறிப்பில் மிகுந்த இடம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான்.

நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் ஒற்றைக் கை முத்திரைகள் 28 என்று சொல்கிறது. நாட்டியம் பயிலும் குழந்தைகள் அவற்றை வரிசையாகப் பாடமாகச் சொல்லிக்கொண்டே பிடிப்பார்கள். அந்த வரிசையில் முதலாவது பதாகம், கொடி என்று பொருள். நான்கு விரல்களும் ஒட்டி நீண்டிருக்க, கட்டைவிரல் மட்டும் மடங்கி ஆள்காட்டி விரலின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும். நடராஜரின் அஞ்சேல் என்று காட்டும் வலக்கையை நடனமணி இந்தப் பதாகத்தால்தான் பிடிக்கிறார். உள்ளங்கை பார்ப்பவரை நோக்கி, விரல்கள் மேல்நோக்கி.

இதே கையில் கட்டைவிரலை வெளியே நீட்டிவிட்டால் அது அர்த்தசந்திரன். மோதிர விரலை மடக்கினால் திரிபதாகம். மோதிர விரலோடு சுண்டு விரலையும் மடக்கினால் அர்த்தபதாகம். ஒரு விரல் அசைந்தால் பெயர் மாறுகிறது, பெயரோடு பயன்படும் இடமும் மாறுகிறது. திரிபதாகம் கிரீடமாகும், மரமாகும். அர்த்தசந்திரன் பிறையாகும். நடனம் தெரியாத ஓவியர் அஞ்சேல் என்னும் கையை வரைந்தால் பத்துக்கு எட்டு முறை கட்டைவிரல் வெளியே நீண்டிருக்கும். போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்தும் கை அது. அவர் மனத்தில் இருக்கும் கை அதுதானே.

மேடைப் படத்தில் விரலைச் சரியாகப் படிப்பதற்கு எனக்குக் கைகொடுப்பது சிவப்பு மை. நடனமணிகள் விரல் நுனிகளிலும் உள்ளங்கையின் நடுவிலும் சிவப்புத் தீட்டிக்கொள்வார்கள். முன்பு மருதாணி, இப்போது பெரும்பாலும் ஆல்தா. தூரத்தில் இருப்பவர்களுக்கு விரல் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்யும் வேலை நமக்கும் உதவுகிறது. படத்தைப் பெரிதாக்கிச் சிவப்பு நுனிகளை எண்ணுவேன். நான்கு நுனிகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் மேலே இருந்து, ஐந்தாவது ஆள்காட்டி விரலின் அடியில் இருந்தால் பதாகம். மேலே மூன்றுதான் இருக்கிறது, ஒன்று உள்ளங்கைக்கு இறங்கிவிட்டது என்றால் திரிபதாகம். மேலே நான்கு, ஐந்தாவது பக்கவாட்டில் தள்ளி நிற்கிறது என்றால் அர்த்தசந்திரன். விரலின் உருவம் மங்கியிருந்தாலும் சிவப்புப் புள்ளிகள் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் படத்தில் மேலே நான்கும் அடியில் ஒன்றும் தெளிவாகவே இருந்தன.

இடக்கை வேறு கதை. அது இடத்தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே வலப்பக்கம் நீண்டு, மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் கீழ்நோக்கித் தொங்குகின்றன. சிற்பிகள் இதை யானையின் துதிக்கையோடு ஒப்பிட்டுக் கஜஹஸ்தம் என்பார்கள். விரல் நுனிகள் தூக்கிய இடப்பாதத்தைக் காட்டுகின்றன. வலக்கை அஞ்சாதே என்கிறது, இடக்கை இந்தப் பாதத்தைப் பார் என்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் இந்தக் கோலத்துக்குப் பொருள். எனவே ஓவியத்தில் இடக்கை விரல்களின் போக்கைப் பென்சிலால் நீட்டினால் அது தூக்கிய பாதத்தின் மேல் விழ வேண்டும். விழாவிட்டால் கை எவ்வளவு அழகாக இருந்தாலும் திருத்தச் சொல்லிவிடுவேன்.

இந்தப் படத்தில் இன்னொரு சிக்கல். இடது முன்கை வலது முழங்கைக்கு முன்னால் போகிறது. அந்த இடத்தில் நிழல். எந்தக் கை முன்னால், எந்தக் கை பின்னால் என்று ஓவியருக்குத் தெரியாது. வளையல்களை வைத்துக் கண்டுபிடித்தேன். இடக்கை வளையல்கள் முழு வட்டமாகத் தெரிந்தன, வலக்கையின் முழங்கைப் பக்கம் அவற்றுக்குப் பின்னால் வெட்டுப்பட்டிருந்தது. இதைக் குறிப்பில் ஒரு தனி வரியாகவே எழுதினேன்.

முன்வரிசையிலிருந்து எடுத்த படம் என்று சொன்னேன். மேடை உயரம், கேமரா தாழ்வு. அப்போது கால்கள் நீண்டும் தலை சிறுத்தும் தெரியும். பார்ப்பவரை நோக்கி நீட்டிய கை முகத்தைவிடப் பெரிதாகத் தெரியும். அப்படியே நகல் எடுத்தால் ஓவியம் கோணலாகிவிடும். இதற்கு நம் சிற்பிகளின் அளவு ஒன்று கைவசம் இருக்கிறது. தாளம் என்பார்கள். முகத்தின் நீளமும், மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரையுள்ள நீளமும் ஒரே அளவு. உங்கள் கையை உங்கள் மோவாயில் வைத்துப் பாருங்கள், நடுவிரல் நெற்றி முடி வரை போகும். படத்தில் முகத்தை அளந்தேன், வலக்கையை அளந்தேன். கை முகத்தைவிட நான்கில் ஒரு பங்கு பெரிது. அது கேமராவின் வேலை. கையைக் குறைத்து முகத்துக்குச் சமமாக்கச் சொல்லிக் குறிப்பில் சேர்த்தேன்.

உடைக்கு வருவோம். இன்று மேடையில் நாம் பார்க்கும் தைத்த உடை அப்படியொன்றும் பழையதல்ல. ருக்மிணி தேவி அருண்டேல் 1935இல் அடையாறில் மேடையேறி, 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய காலத்தை ஒட்டித்தான் கோயில் சிற்பங்களைப் பார்த்துச் செய்த உடையும் நகையும் பரவின. பாலசரஸ்வதி புடவை கட்டும் பழைய முறையிலேயே ஆடினார். ஆகவே நூறு ஆண்டுக்கு முந்தைய கதைக்கு ஓவியம் கேட்டால் இன்றைய மேடைப் படத்தைக் கொடுக்கவே கூடாது. இதை நான் பல பதிப்பாளர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

தைத்த உடையில் ஓவியரைக் குழப்புவது விசிறி. கால்சட்டை வகை உடையில் இரண்டு கால்களுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாகப் பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். நேராக நிற்கும்போது அது மூடியிருக்கும், வெறும் கொசுவம்போலத் தெரியும். அரைமண்டியில் உட்கார்ந்ததும் முழங்கால்கள் விரிய, அதுவும் விரியும். அரைமண்டியை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உடை வேறில்லை. நடனமணி சரியாக உட்கார்ந்திருக்கிறாரா என்று கடைசி வரிசையில் இருப்பவருக்கும் விசிறி சொல்லிவிடும்.

ஒரு காலைத் தூக்கும்போது விசிறி என்ன ஆகிறது? இரு பக்கமும் சமமாக விரியாது. ஒரு விளிம்பு ஊன்றிய காலோடு கீழே நிற்கிறது, இன்னொரு விளிம்பு தூக்கிய காலோடு மேலே போகிறது. மடிப்புகள் எல்லாம் இடுப்புக்குக் கீழே ஒரே இடத்திலிருந்து கிளம்பி, கைவிசிறியின் குச்சிகள்போல் பிரிகின்றன. தூக்கிய காலின் பக்கம் மடிப்புகள் இழுபட்டு நேராக இருக்கும், ஊன்றிய காலின் பக்கம் சற்றுத் தளர்ந்து நெருக்கமாக இருக்கும். சரிகைக் கரை இந்த இரண்டுக்கும் நடுவே வளைந்து போகும். ஓவியர்கள் பெரும்பாலும் மடிப்புகளை மேலிருந்து கீழே இணைகோடுகளாகப் போட்டுவிடுவார்கள், பாவாடைக்குப் போடுவதுபோல. அப்படிப் போட்டால் கால் தூக்கியதாகவே தெரியாது, பாவாடைக்கு முன்னால் ஒரு கால் ஒட்டவைத்ததுபோல் இருக்கும்.

நிறத்தில் நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். மேடை விளக்குக்கு வண்ணத்தாள் போடுவார்கள். சிவப்பு கலந்த வெளிச்சத்தில் பச்சைப் பட்டு அழுக்குப் பழுப்பாகவோ கறுப்பாகவோ தெரியும். இதைக் கண்டுபிடிக்க வழி, தலையில் இருக்கும் மல்லிகை. பூ வெள்ளை என்று நமக்குத் தெரியும். படத்தில் பூ ரோஜா நிறமாக இருந்தால் மற்ற எல்லாவற்றிலும் அந்தச் சிவப்பு ஏறியிருக்கிறது. இந்தப் படத்தில் மல்லிகை ஆரஞ்சு கலந்த ரோஜா நிறம், உடல்பட்டு காபிக்கொட்டை நிறம். சந்தேகம் வந்து, படம் எடுத்தவர் மூலம் நடனமணியிடம் கேட்டோம். உடல் கரும்பச்சை, கரை அரக்கு என்று பதில் வந்தது.

நகைகளை எல்லாம் அடுக்கி எழுத வேண்டியதில்லை. தலைச்சாமான், ஜிமிக்கி, மாட்டல், அட்டிகை, நீண்ட மாங்காய் மாலை, ஒட்டியாணம், வங்கி, வளையல், சலங்கை என்ற பெயர்களை ஓவியரே படத்தில் பார்த்துக்கொள்வார். எது எதை மறைக்கிறது, எது எங்கே தொங்குகிறது என்று மட்டும் சொன்னால் போதும். மாங்காய் மாலை ஒட்டியாணத்துக்குள் செருகியிருக்கிறதா, தளர்ந்து தொங்குகிறதா என்பது முக்கியம். தளர்ந்து தொங்கினால் அது தூக்குக்குண்டுபோல் நேர்கீழாகத் தொங்க வேண்டும், உடல் சாய்ந்தாலும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு எழுதிய குறிப்பு இது:

"படம் திருப்பப்படவில்லை, திருப்பவும் கூடாது. இடம் வலம் எல்லாம் நடனமணியுடையவை. உடல் நேராகப் பார்ப்பவரை நோக்கி. வலப்பாதம் முழுதும் தரையில், வலப்பக்கம் திரும்பியது. வலது முழங்கால் பக்கவாட்டில் நன்றாக மடங்கியது, தொடை கீழ்நோக்கிச் சாய்வாக, முழங்காலுக்கு நேர்கீழே கணுக்கால் இல்லை, சற்று உள்ளே தள்ளி. இடது முழங்கால் இடுப்பு உயரத்தில். இடது கெண்டைக்கால் உடலைக் கடந்து வலப்பக்கம். இடப்பாதம் வலது முழங்காலுக்கு அப்பால், அதைவிட ஒரு கைப்பிடி மேலே. விரல்களைக் கூர்மையாக்க வேண்டாம். முதுகு நிமிர்ந்தது, இடுப்பு சாயவில்லை. தொண்டைக்குழியிலிருந்து நேர்கோடு வலது குதிகாலில் விழும்.

வலக்கை: முழங்கை மடங்கி, உள்ளங்கை வலத்தோளுக்கு முன்னால், பார்ப்பவரை நோக்கி. நான்கு விரல் ஒட்டி மேலே. கட்டைவிரல் மடங்கி ஆள்காட்டி விரலின் அடியில், வெளியே நீளக் கூடாது. கையின் நீளம் முகத்தின் நீளம்தான், படத்தில் பெரிதாகத் தெரிவதை நம்ப வேண்டாம். இடக்கை: மார்புக்குக் குறுக்கே, வலது முழங்கைக்கு முன்னால். மணிக்கட்டு மடங்கி விரல்கள் கீழே. விரல்களை நீட்டினால் இடப்பாதத்தைத் தொட வேண்டும். பார்வை நேராக. வாய் மூடிய சிறு புன்னகை.

உடை: கரும்பச்சைப் பட்டு, அரக்குக் கரை. மேலாக்கு வல இடுப்பிலிருந்து இடத்தோளுக்கு, நடுவில் இடக்கை மறைக்கிறது, கைக்கு மேலும் கீழும் தொடர வேண்டும். விசிறி மடிப்புகள் இடுப்புக்குக் கீழே ஒரு புள்ளியிலிருந்து பிரியும். தூக்கிய கால் பக்கம் இழுபட்டு, ஊன்றிய கால் பக்கம் நெருக்கமாக. மல்லிகை வெள்ளை. தலையில் வலப்பக்கம் வட்டம், இடப்பக்கம் பிறை. சலங்கை இரு கணுக்காலிலும்."

இதில் 'நளினமாக', 'ஒயிலாக', 'தெய்வீகமாக' என்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை. அவற்றை வரைய முடியாது. முழங்கால் எங்கே மடங்குகிறது என்று சொன்னால் வரைய முடியும். அது சரியாக அமைந்தால் ஒயில் தானே வந்துவிடும்.

ஓவியர் ஒரு வாரத்தில் பென்சில் படம் அனுப்பினார். விசிறியைப் பிரமாதமாகப் பிடித்திருந்தார். கை விரல்கள் சரி. ஊன்றிய முழங்கால் மட்டும் போதிய அளவு மடங்கவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, எழுந்து நின்னு ஒரு தடவை அப்படி நின்னு பாருங்க" என்றேன். சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அக்கா, காலை நேரா வெச்சா நிக்கத்தான் முடியுது, எடுத்த கால் இந்தப் பக்கம் வரவே மாட்டேங்குது. முட்டியை வெளிய மடக்கினதும் இடுப்பு திறந்து வந்திடுது" என்றார். அன்று மாலையே திருத்திய படம் வந்தது. அதற்குப் பிறகு அதில் எதையும் மாற்றவில்லை.

நடனமணிகளுக்கும், அவர்களைப் படம் எடுப்பவர்களுக்கும், பிள்ளைகளின் அரங்கேற்றப் படத்தை மலருக்கு அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று இடுப்புக்குக் கீழே வெட்டித்தான் பெரும்பாலான படங்கள் எங்களுக்கு வருகின்றன. பாதம் இல்லாத நாட்டியப் படத்தை வைத்துக்கொண்டு எதையும் எழுத முடியாது. வெட்டாத படத்தை அனுப்புங்கள். அதோடு, என்ன பாடலில் எந்த இடம், பட்டின் உண்மையான நிறம் என்ன என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.